காலை எட்டு மணிக்கு வந்த ரெம்: தூக்க நிலையும் உடல் கடிகாரமும் குழம்பிய ஒரு நிகழ்வு

உடலியங்கியல் தேர்வுகளில் தூக்கம் இரண்டு வெவ்வேறு இடங்களில் கேட்கப்படும். மூளை மின்பதிவான ஈ.ஈ.ஜி. பாடத்தில் எந்த அலை எந்த நிலை என்ற கேள்வி வரும். ஹைப்போதலாமஸ் பாடத்தில் உடல் கடிகாரத்தின் 24 மணி நேரச் சர்க்காடியன் ஒழுங்கும் மெலடோனினும் வரும். மாணவர்கள் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே படுக்கையில், ஒரே காலைப்பொழுதில் மோதிக்கொள்ளும் ஒரு நிகழ்வை நான் வகுப்பில் எடுப்பதுண்டு. பாடத்துக்காகக் கோத்த நிகழ்வுதான். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு திருப்பமும் தூக்க ஆய்வகங்களில் நடக்கக்கூடியது.

வந்தவர்

21 வயது மாணவர். காலை வகுப்புகளில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். இரவு பத்தரைக்குப் படுத்தாலும் மூன்று மணி வரை புரண்டுகொண்டிருக்கிறார். விடுமுறையில் அதிகாலை 3.15 வாக்கில் தூங்கி, காலை 11 மணிக்கு யாரும் எழுப்பாமலே எழுகிறார். அன்று பகல் முழுக்கச் சோர்வே இல்லை. சிரிக்கும்போது முழங்கால் துவளுவது, தூக்க விளிம்பில் உடல் அசையாமல் போவது போன்ற எதுவும் இல்லை.

வருவதற்கு முன்பே அவர் தானாக இரண்டு வைத்தியங்களைச் செய்து பார்த்திருந்தார். காலை 6 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். அதிகாலை 2 மணியாகியும் தூக்கம் வராத நாட்களில் 5 மில்லிகிராம் மெலடோனின் விழுங்கினார். இரண்டு வாரம் கழித்துத் தூக்கம் முன்னே வரவில்லை. இன்னும் சற்றுத் தள்ளிப்போனது போலவே அவருக்குத் தோன்றியது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்தவர்கள் இதை வெறும் குறிப்பாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

முதல் பதிவு

தூக்க ஆய்வகத்தில் இரவு 10.30க்கு விளக்கு அணைக்கப்பட்டது. அவர் தூங்கியது 1.40க்கு. கண்கள் துள்ள, கனவு வரும் நிலையான ரெம் முதலில் 2.55க்கு, அதாவது தூங்கி 75 நிமிடம் கழித்து வந்தது. காலை 6 மணிக்கு எழுப்பினார்கள். மொத்தத் தூக்கம் 4 மணி 10 நிமிடம். அதில் ஆழ்ந்த தூக்கமான என்3 70 நிமிடம், ரெம் 32 நிமிடம் மட்டும்.

பிறகு பகல் தூக்கச் சோதனை, எம்.எஸ்.எல்.டி. இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை படுக்கவைத்து, தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது, தூங்கிய 15 நிமிடத்துக்குள் ரெம் வருகிறதா என்று பார்ப்பார்கள். காலை 8, 10, பகல் 12, 2, 4 மணிக்குப் படுத்தவர் தூங்க எடுத்த நேரம் முறையே 2, 3.5, 9, 13, 11.5 நிமிடம். கூட்டினால் 39, ஐந்தால் வகுத்தால் சராசரி 7.8. முதல் இரண்டு படுக்கைகளில் ரெம் வந்துவிட்டது.

பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோயான நார்கோலெப்ஸிக்கான ஆய்வக வரம்பு, சராசரி 8 நிமிடம் அல்லது அதற்குக் குறைவு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விரைவு ரெம். 7.8, இரண்டு. கணக்கு பொருந்திவிட்டது. அறிக்கையில் நார்கோலெப்ஸி என்று எழுதி, விழிப்பூட்டும் மருந்து தொடங்கலாமா என்று யோசித்தார்கள்.

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, பதிவில் எந்த அலையையாவது தப்பாகப் படித்திருக்கிறார்களா என்று கேட்பேன். பாதிப்பேர் ஆமாம் என்பார்கள். இல்லை. அலைகள் எல்லாம் சரியாகவே படிக்கப்பட்டிருந்தன. அந்த அலைகள் எந்த மணியில் வந்தன என்பதைத்தான் யாரும் படிக்கவில்லை.

எட்டு மணிப் படுக்கையை அலை அலையாகப் படித்தால்

தூக்கப் பதிவை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலை கொடுப்பது வழக்கம். காலை 8 மணிப் படுக்கையின் முதல் நான்கு துண்டுகளில், கண்ணை மூடியதும், தலையின் பின்புறத்து மின்முனைகளில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான சீரான ஆல்ஃபா ஓடுகிறது. இது விழிப்பு, தளர்ந்த விழிப்பு. ஹான்ஸ் பெர்கர் 1929இல் மனித ஈ.ஈ.ஜி.யை முதன்முதலில் வெளியிட்டபோது காட்டியதும் இந்த அலையைத்தான். கண்ணைத் திறந்தால் ஆல்ஃபா கலைந்து, 13 ஹெர்ட்ஸுக்கு மேலான தாழ்ந்த பீட்டா எழும். “ஆல்ஃபா என்பது லேசான தூக்கம்” என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

ஐந்தாவது துண்டில் பாதிக்கு மேல் ஆல்ஃபா மறைந்து, 4 முதல் 7 ஹெர்ட்ஸ் தீட்டா கலந்த தாழ்ந்த அலைகள் வருகின்றன. கண்கள் மெதுவாக, ஊஞ்சல் போலப் பக்கவாட்டில் உருளுகின்றன. இது என்1. தூக்கம் தொடங்கிய நேரம் 2 நிமிடம் என்று குறித்தது இங்கேதான். இந்த நிலையில் எழுப்பினால் பலர் “நான் தூங்கவே இல்லை” என்பார்கள்.

மூன்று நிமிடம் கழித்து, முதல் ஸ்பிண்டில். அரை நொடிக்கு மேல் நீடித்து, நடுவில் பருத்து இரு முனையிலும் மெலியும் கதிர் வடிவம். வேகம் 12 முதல் 14 ஹெர்ட்ஸ். கூடவே ஒரு கே-காம்ப்ளெக்ஸ், அதாவது கூர்மையாக மேலெழுந்து, உடனே ஆழமாகக் கீழிறங்கும் ஒற்றைப் பெரிய அலை. இரண்டில் ஒன்று இருந்தாலே என்2. பெரியவர்களின் இரவில் ஏறத்தாழ பாதி இந்த நிலைதான். ஸ்பிண்டிலின் வேகம் ஆல்ஃபாவின் மேல் எல்லையை ஒட்டி வருவதால், வேகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதை விழிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். ஆல்ஃபா தொடர்ந்து ஓடுவது, தலையின் பின்புறத்தில் ஓங்குவது. ஸ்பிண்டில் வெடித்து அடங்குவது, நடு உச்சியில் தெளிவாகத் தெரிவது. வேகத்தோடு வடிவத்தையும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து என்3 வரும் என்று எதிர்பார்ப்போம். வரவில்லை. தூக்கம் தொடங்கிய ஒன்பதாவது நிமிடத்தில் தாடைத் தசையின் மின்பதிவு சட்டென்று மட்டமாகிவிட்டது. மூளை அலைகள் தாழ்ந்து, கலவையாகி, இடையிடையே 2 முதல் 6 ஹெர்ட்ஸில் ரம்பப் பல் போன்ற அலைகள். கண்கள் வேகமாகத் துள்ளுகின்றன. ரெம். எழுப்பிக் கேட்டபோது ஒரு கனவை விவரமாகச் சொன்னார். அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் 1953இல் விவரித்த அதே தூக்கம், சாதாரணமாக 70 முதல் 100 நிமிடம் கழித்து வர வேண்டியது, ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது.

இங்கே ஒரு சிறு துப்பு இருந்தது. நார்கோலெப்ஸியில் விரைவு ரெம் பெரும்பாலும் என்1இலிருந்து நேரே குதிக்கும். இவருக்கு இடையில் என்2 வந்து போயிருக்கிறது. இதை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் புருவத்தை உயர்த்தப் போதுமானது.

அலை ஏன் பெரிதாகிறது, ஏன் மறுபடி சிறிதாகிறது

நிலைக்கு அலை என்று பட்டியலை ஒப்பிப்பதைவிட, ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும். தலாமஸின் செல்கள் எவ்வளவு எதிர்மின் பக்கம் இறங்கியிருக்கின்றன என்பதே அது.

விழிப்பில் மூளைத்தண்டிலிருந்து அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின், செரட்டோனின் எல்லாம் தலாமஸை உசுப்பி வைத்திருக்கும். செல்கள் தனித்தனியாக, தகவலுக்கேற்பச் சுடும். மண்டபத்தில் ஆளாளுக்குப் பேசும்போது வெளியே இரைச்சல் மட்டும் கேட்பது போல, ஈ.ஈ.ஜி.யில் வேகமான, குட்டையான கோடு விழும். தூக்கத்தில் அந்த உசுப்பல் குறையும். தலாமஸ் செல்கள் எதிர்மின் பக்கம் இறங்கும். அப்போது தலாமஸைச் சுற்றியுள்ள ரெட்டிகுலர் உட்கரு காபா என்ற அடக்கும் வேதிப்பொருளை வெளியிட்டு அவற்றை மேலும் இறக்க, டி-வகைக் கால்சியம் வாயில்கள் தயாராகி, செல்கள் ஒன்றாகத் துள்ளி வெடிக்கும். அந்தத் தாளம்தான் ஸ்பிண்டில். இன்னும் ஆழமாக இறங்கினால் தாளம் மெதுவாகி, புறணியும் தலாமஸும் சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும். அது 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ், 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட மெதுவலை. 30 நொடித் துண்டில் 20 விழுக்காடு, அதாவது 6 நொடி, இந்த அலை இருந்தால் என்3. முன்பு மூன்று, நான்கு என்று பிரித்தவற்றை 2007இல் ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய வினாத்தாளில் “நான்காம் நிலை” என்று பார்த்தால் மிரள வேண்டாம்.

பெரிய அலை என்றால் மூளை கடுமையாக வேலை செய்கிறது என்று நினைப்பது இயல்பான தவறு. உண்மை தலைகீழ். எல்லோரும் ஒரே நேரத்தில் கைதட்டுவதால் ஓசை பெரிதாகக் கேட்கிறது. பேச்சு எதுவும் நடக்கவில்லை.

ரெம்மில் அசிட்டைல்கோலின் மட்டும் திரும்பி வருகிறது. நார்அட்ரினலினும் செரட்டோனினும் அடங்கிக் கிடக்கின்றன. தலாமஸ் மறுபடி உசுப்பப்படுவதால் ஈ.ஈ.ஜி. விழிப்பைப் போலவே தோன்றும். பாடநூல்கள் இதைப் பீட்டா போன்றது என்று எழுதுவதும், “முரண் தூக்கம்” என்ற பெயர் வந்ததும் இதனால்தான். ஈ.ஈ.ஜி.யை மட்டும் கொடுத்து விழிப்பா ரெம்மா என்று கேட்டால் தடுமாறுவோம். தாடைத் தசைதான் சொல்லும். பான்ஸிலிருந்து கிளம்பும் ஆணை மெடுல்லா வழியாக, கிளைசினையும் காபாவையும் கொண்டு முதுகுத்தண்டின் இயக்க நியூரான்களை அமுக்கிவிடுகிறது. உதரவிதானமும் கண் தசைகளும் தப்பிக்கும்.

இரண்டு எசமானர்கள்

இப்போது நம் மாணவரின் இரவுக்குத் திரும்புவோம். 1.40க்குத்தான் தூங்கினார், இருந்தும் என்3 குறையவில்லை. முதல் இரண்டு சுழற்சிகளிலேயே 70 நிமிடம் முடித்துவிட்டார். ரெம் மட்டும் வெட்டுண்டது. ஏன் ஒன்று பிழைத்தது, மற்றது பிழைக்கவில்லை?

இரண்டுக்கும் எசமானர் வேறு. போர்பெலி 1982இல் முன்வைத்த இரு-செயல்முறை மாதிரியில் முதலாவது, விழித்திருக்கும் நேரத்தோடு ஏறும் தூக்கக் கடன். மூளையில் அடினோசின் சேர்வது இதன் ஒரு முகம். காபி அந்த ஏற்பியைத்தான் மறைக்கிறது. என்3 இந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டது. நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினாலும், தூங்கிய கையோடு முதல் சுழற்சிகளில் அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தூக்கத்தில் நடப்பதும் இரவு அலறலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வருவது இதனால்தான்.

இரண்டாவது எசமானர் உடல் கடிகாரம். ரெம் பெரிதும் இதற்குக் கட்டுப்பட்டது. உடல் வெப்பம் 24 மணி நேரத்தில் மிகத் தாழும் புள்ளிக்குச் சற்றுப் பின், ரெம்முக்கான உந்துதல் உச்சத்தில் இருக்கும். வழக்கமாக இரவு 11க்குத் தூங்கி 7க்கு எழுபவருக்கு அந்தத் தாழ்புள்ளி அதிகாலை 4 முதல் 5 மணி அளவில். அதனால்தான் விடியற்காலையில் ரெம் நீளமாகிறது, கனவு நினைவிருக்கிறது.

விடுமுறையில் 11 மணிக்கு எழும் ஒருவருக்குத் தாழ்புள்ளி எங்கே இருக்கும்? அவருடைய கடிகாரம் நான்கு மணி நேரம் தள்ளியிருந்தால், தாழ்புள்ளி காலை 8 மணி வாக்கில் விழும். ஆய்வகத்தில் அவரை 6 மணிக்கு எழுப்பியபோது, ரெம் குவியும் தூக்கப் பகுதியை அப்படியே நறுக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, ரெம் உந்துதல் உச்சியில் நிற்கும் வேளையில், ரெம் பட்டினியோடு, கடனோடு படுக்கவைத்தார்கள். ரெம் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. பகல் 12, 2, 4 மணிப் படுக்கைகளில் ரெம் வரவே இல்லை என்பதைப் பாருங்கள். நார்கோலெப்ஸிக்கு இப்படி மணி பார்த்து ஒதுங்கும் பழக்கம் குறைவு.

சோதனையின் விதியே ஒன்று மீறப்பட்டிருந்தது. எம்.எஸ்.எல்.டி.க்கு முந்தைய இரவில் குறைந்தது 6 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். இவர் தூங்கியது நாலேகால் மணி நேரம்கூட இல்லை. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அந்த எண் இருந்தது. முதல் பக்கத்தில் 7.8 இருந்தது.

எச்சிலில் கடிகாரத்தைப் படிப்பது

ஊகம் போதாது, கடிகாரம் எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். உடல் வெப்பத்தை அளக்கலாம், ஆனால் நடந்தாலும் சாப்பிட்டாலும் தூங்கினாலும் அது அசைந்துகொடுக்கும். மெலடோனின் அதைவிட நம்பகமானது. காரணம் அதன் உற்பத்திப் பாதையிலேயே இருக்கிறது.

பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஹைப்போதலாமஸில், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 20,000 நியூரான்கள் கொண்ட சூப்பராகயாஸ்மேடிக் உட்கரு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் இதுதான். அதன் சொந்தச் சுற்று மனிதரில் சராசரி 24.2 மணி நேரம். ஆகவே தினமும் வெளிச்சம் அதைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. வெளிச்சச் செய்தியைக் கொண்டுவருவது விழித்திரையின் மெலனாப்சின் கொண்ட கேங்ளியான் செல்கள். நீல ஒளி, ஏறத்தாழ 480 நானோமீட்டர், இவற்றுக்கு மிகப் பிடித்தது. பார்வையே இல்லாத சிலரிலும் இந்தச் செல்கள் பிழைத்திருந்தால் வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்தும்.

கடிகாரத்திலிருந்து பீனியல் சுரப்பிக்குப் போகும் பாதை சுற்றுவழி. பக்கத்திலேயே இருக்கும் சுரப்பிக்குச் செய்தி சொல்ல, ஹைப்போதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் உட்கரு வழியாகக் கீழிறங்கி, மார்பு முதுகுத்தண்டின் மேற்பகுதியை எட்டி, அங்கிருந்து கழுத்தின் மேல் சிம்பதெட்டிக் முடிச்சுக்கு ஏறி, பிறகுதான் பீனியலை அடைகிறது. முடிவில் வெளியாகும் நார்அட்ரினலின் பீட்டா-1 ஏற்பியைத் தட்ட, சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறி, செரட்டோனினை மெலடோனினாக மாற்றும் பாதையின் முக்கிய நொதி விழித்துக்கொள்கிறது. இந்தச் சுற்றுவழி தெரிந்தால் இரண்டு கேள்விகளுக்கு விடை தானாக வரும். கழுத்தில் முதுகுத்தண்டு முழுவதும் அறுபட்டவருக்கு இரவு மெலடோனின் ஏன் எழுவதில்லை? அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பான் எடுப்பவருக்கு ஏன் குறைகிறது? இரண்டிலும் கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது, கம்பிதான் அறுந்திருக்கிறது. ஆகையால் எச்சில் எடுக்கும் முன் மருந்துப் பட்டியலைக் கேட்காமல் விடக்கூடாது.

மெலடோனின் “தூக்க ஹார்மோன்” என்று பெயர் வாங்கிவிட்டது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. எலிகளுக்கும் இரவில்தான் மெலடோனின் சுரக்கிறது. அவை அப்போது சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். அது இருட்டின் ஹார்மோன். “இரவு தொடங்கிவிட்டது” என்று உடலுக்கு அறிவிப்பது அதன் வேலை. அந்த இரவில் என்ன செய்வது என்பதை அந்தந்த உயிரினம் தீர்மானிக்கிறது.

மாணவரை மங்கலான வெளிச்சத்தில், 10 லக்ஸுக்கும் குறைவாக, இரவு 8 மணி முதல் உட்காரவைத்து அரை மணிக்கு ஒருமுறை எச்சில் எடுத்தார்கள். வெளிச்சம் கூடினால் மெலடோனின் அடங்கிவிடும். பிறகு கடிகாரம் தாமதமா, விளக்கு பிரகாசமா என்று பிரிக்க முடியாது. வரம்பு மில்லிலிட்டருக்கு 3 பிக்கோகிராம். நள்ளிரவு 12 மணிக்கு 1.5. 12.30க்கு 2.2. ஒரு மணிக்கு 3.8. அரை மணியில் 1.6 ஏறியிருக்கிறது, வரம்பைத் தொட 0.8 வேண்டும், அது சரிபாதி. ஆகவே மெலடோனின் எழத் தொடங்கியது 12.45.

ஒழுங்காகத் தூங்குபவர்களில் இது வழக்கமான தூக்க நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் நடக்கும். இவர் தானாகத் தூங்கும் 3.15இலிருந்து பார்த்தால் இரண்டரை மணி முன்னால். கச்சிதம். அதாவது கடிகாரம் பழுதாகவில்லை, உள்ளுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மொத்தமாக நகர்ந்துவிட்டது. மெலடோனின் எழுச்சிக்குச் சராசரி 7 மணி நேரம் கழித்து வெப்பத் தாழ்புள்ளி வரும். 12.45உடன் 7 கூட்டினால் காலை 7.45. முதல் சோதனையின் முதல் படுக்கை 8 மணிக்கு.

இந்த 7 என்பது சராசரி. தனிமனிதரில் ஒரு மணி நேரம் இப்படியோ அப்படியோ விலகலாம். அதனால் தாழ்புள்ளிக்கு மிக ஒட்டி வெளிச்சம் கொடுப்பது சூதாட்டம்.

மறு சோதனை

இரண்டு வாரம் அவருடைய சொந்த நேரத்திலேயே, 3.15 முதல் 11 வரை, தூங்கவிட்டு, கையில் அசைவுமானி கட்டி உறுதிசெய்து, அதே நேரத்தில் மறுபடி பதிவு செய்தார்கள். 14 நிமிடத்தில் தூங்கினார். 7 மணி 20 நிமிடம் தூங்கினார். முதல் ரெம் 85 நிமிடத்தில். ரெம் பங்கு 22 விழுக்காடு. பகல் 1 மணிக்குத் தொடங்கிய ஐந்து படுக்கைகளில் தூங்க எடுத்த நேரம் 14, 16, 13, 17, கடைசியில் 20 நிமிடமும் தூங்கவே இல்லை. சராசரி 16. விரைவு ரெம் ஒன்றுகூட இல்லை.

அதே மூளை, அதே மின்முனைகள், அதே விதிகள். படுக்கவைத்த மணி மட்டும் மாறியது. நோயின் பெயர் தாமதத் தூக்க-விழிப்புக் கட்டக் கோளாறு.

வைத்தியம் ஏன் முதலில் பின்னோக்கி ஓடியது

இப்போது அவர் தானாகச் செய்த இரண்டு வைத்தியங்களைப் பார்ப்போம். வெளிச்சம் கடிகாரத்தைத் திருத்தும் திசை, அது தாழ்புள்ளிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது. தாழ்புள்ளிக்கு முன் வரும் வெளிச்சத்தை மூளை மாலை வெளிச்சமாக எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பின்தள்ளும். பின் வருவதைக் காலை வெளிச்சமாக எடுத்துக்கொண்டு முன்னிழுக்கும். சுவர்க் கடிகாரத்தில் 6 மணி என்பது விடிகாலைதான். அவருடைய மூளைக்கோ அது தாழ்புள்ளிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்னால், நடு இரவு. வெளிச்சப் பெட்டி ஒவ்வொரு நாளும் அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது.

மெலடோனினின் திசை ஏறத்தாழ இதற்கு நேரெதிர். பிற்பகலிலும் மாலையிலும் கொடுத்தால் கடிகாரம் முன்னே வரும். காலையில் உடலில் தங்கினால் பின்னே போகும். அதிகாலை 2 மணிக்கு அவருடைய சொந்த மெலடோனின் ஏற்கெனவே எழுந்துவிட்டது. இருட்டு வந்துவிட்டது என்று தெரிந்த வீட்டுக்கு மறுபடி செய்தி அனுப்புவதில் பயனில்லை. மேலும் 5 மில்லிகிராம் என்பது பெரிய அளவு. அரையாயுள் முக்கால் மணி என்று வைத்தால் ஆறு மணி நேரத்தில் எட்டு முறை பாதியாகும், ஆனாலும் தொடங்கிய இடம் அவ்வளவு உயரம் என்பதால் மிச்சம் காலை வரை வழியலாம். நேரத்தைத் தவறவிட்டுவிட்டு அளவைக் கூட்டுவதால் கடிகாரம் முன்னே வராது.

புதிய திட்டம் எளிமையானது. 0.5 மில்லிகிராம் மெலடோனின், எழுச்சிக்கு மூன்று மணி நேரம் முன்னால், இரவு 9.45க்கு. அதன்பின் விளக்குகள் மங்கல். காலை வெளிச்சம் முதல் சில நாட்கள் 10 மணிக்கு, அதாவது 7.45க்கு நன்றாகவே தள்ளி, அந்த ஒரு மணி நேரப் பிழைக்கும் இடம் விட்டு. பிறகு எழும் நேரத்தையும் வெளிச்சத்தையும் மாத்திரையையும் ஒன்றாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணிக்கும் குறைவாக முன்னே நகர்த்தினார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று மணி நேரம் முன்னே எழுப்பினால், வெளிச்சம் மறுபடி தாழ்புள்ளியின் தவறான பக்கத்தில் விழுந்துவிடும். இடையில் ஒரு வார இறுதியில் அதிகாலை வரை பிரகாசமான திரை முன் உட்கார்ந்ததில் சில நாள் உழைப்பு கரைந்தது. தூக்க நாட்குறிப்பில் அது படிக்கட்டு போல அப்படியே தெரிந்தது.

மாத்திரை அவரை மயக்கித் தூங்கவைக்கவில்லை. 9.45க்கு விழுங்கிவிட்டு மூன்று மணி நேரத்துக்கும் மேல் படித்துக்கொண்டிருந்தார். “இது வேலை செய்யவில்லை” என்று முதல் வாரம் முறையிட்டதும் அதனால்தான்.

நான்கு வாரத்தில் எச்சில் சோதனையை மறுபடி செய்தார்கள். எழுச்சி இரவு 10.15. தூங்குவது இரவு 1 மணிக்குள், எழுவது காலை 8.15. தாழ்புள்ளி இப்போது 5.15 வாக்கில். வெளிச்சப் பெட்டியை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டவருக்கு, வசதிப்பட்டால் காலை ஆறரை மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் என்று பதில் கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவரைப் பின்தள்ளிய அந்த வேளை, இப்போது தாழ்புள்ளியின் மறுபக்கத்துக்கு வந்திருந்தது.